அதிகாலை நான்கு மணிப் பசி: எட்டு மணி நேரம் கிழக்கே போன ஓர் ஓட்டக்காரரின் இரண்டு பயணங்கள்

"3.50. பசி. அறையில் இருந்த பிஸ்கட் பாக்கெட் தீர்ந்துவிட்டது. இன்னும் பசி."

என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் ஓட்டக்காரர் ஒருவரின் பயணக் குறிப்பேட்டில் முதல் இரவுக்கான வரி இது. அதே நாள் காலைக்கான வரியில், "உணவகத்தில் தட்டு நிறைய எடுத்தேன். நீங்கள் சொன்னபடியே சாப்பிட்டேன். பாதியில் குமட்டியது" என்று எழுதியிருந்தார். சொன்னவன் நான்தான். அந்த ஆலோசனை எங்கே தவறியது, ஓராண்டு கழித்து அதே ஊருக்கு அதே பந்தயத்துக்குப் போனபோது எதை மாற்றினோம், மாற்றியதில் எது பலித்தது என்பதே இந்த ஆய்வு.

அவருக்கு வயது 41, எடை 58 கிலோ. வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறவர். அரை மராத்தானை, அதாவது 21.1 கிலோமீட்டரை, 1 மணி 58 நிமிட அளவில் முடிப்பவர். வீட்டில் இரவு 10.30-க்குப் படுத்துக் காலை 5.30-க்கு எழுவார். 7 மணிக்குக் காலை உணவு, 1 மணிக்கு மதிய உணவு, இரவு 8 மணிக்குக் கடைசிச் சாப்பாடு. நீரிழிவோ வயிற்றுக் கோளாறோ கிடையாது. நிரந்தரமாக எடுக்கும் மருந்தும் இல்லை. போன ஊர் அவருடைய வீட்டைவிட எட்டு மணி நேரம் முந்தியது. வீட்டில் பகல் 1 மணிக்கு விமானம் ஏறினார். பத்து மணி நேரப் பயணம். இறங்கியபோது அந்த ஊரில் காலை 7 மணி. அவர் உடலுக்கோ இரவு 11 மணி. பந்தயம் ஐந்தாம் நாள் காலை 7 மணிக்கு. இறங்கிய நாளையே முதல் நாள் என்று கணக்கிடுகிறேன்.

முதல் பயணம்

நான் கொடுத்த அறிவுரை எல்லோரும் கொடுப்பதுதான். இறங்கியவுடன் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடுங்கள், காலை உணவை வயிறாரச் சாப்பிடுங்கள், வெயிலில் நடங்கள், பகலில் தூங்காதீர்கள். அவர் நல்ல மாணவி. எட்டரைக்குத் தட்டு நிறையக் காலை உணவு எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு மணி நேரம் வெயிலில் ஊர் சுற்றினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலை 6.30-க்கு வெளியே போய் மெதுவாக ஓடினார். மாலை 5 மணிக்குக் கண் சொருகியபோது காப்பி குடித்துச் சமாளித்தார்.

குறிப்பேட்டில் பகல் முழுவதும் "பசி இல்லை", "வயிறு உப்பல்", "பாதிதான் இறங்கியது" என்றே இருக்கிறது. இரவு 9 மணிக்குப் படுக்கையில் விழுந்து, சில மணி நேரத்தில் விழித்துப் புரண்டு, பிறகு பசியோடு எழுந்திருக்கிறார். மொத்தத் தூக்கம் ஒவ்வோர் இரவும் நாலரை மணி நேரத்தைத் தாண்டவில்லை.

பந்தய நாள் காலையில் நடந்தது எனக்கு முதலில் புரியவே இல்லை. நான்கு நாளாகக் காலை உணவைக் கண்டாலே முகம் திருப்பியவருக்கு அன்று 5.30-க்கு அசுரப் பசி. முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, பால்கட்டி, பழம் என்று நிறையவே சாப்பிட்டார். "கடைசியில் உடம்பு பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன்" என்றார். ஆறாவது கிலோமீட்டரில் வயிற்றில் கல் விழுந்தது போன்ற கனம். எடுத்துச் சென்ற மாவுச்சத்து ஜெல்லை வாயில் வைக்க முடியவில்லை. பதினான்காவது கிலோமீட்டரில் கால்கள் காலியாயின. மிச்சத்தைப் பெரும்பாலும் நடந்தே கடந்தார். 2 மணி 24 நிமிடம்.

வயிற்றின் நேரம்

உடலின் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறக்குறைய இருபதாயிரம் நரம்பு உயிரணுக்கள் கொண்ட சிறு திரள் அது. அதை நகர்த்துவது முதன்மையாகக் கண்ணில் விழும் ஒளி. ஆனால் கல்லீரல், கணையம், குடல், கொழுப்புத் திசு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. அவை தலைமையின் சொல்லைக் கேட்கும். கூடவே, சாப்பாடு எப்போது வருகிறது என்பதையும் கவனிக்கும். 2017-இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வொன்றில், பத்து ஆண்களுக்கு எல்லா வேளைச் சாப்பாட்டையும் ஐந்து மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரையின் அன்றாட ஏற்ற இறக்கம் ஐந்தே முக்கால் மணி நேர அளவுக்குத் தள்ளிப்போனது. தலைமைக் கடிகாரத்தின் நேரத்தைக் காட்டும் மெலடோனின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்களின் தாளம் அசையவில்லை. ஆக, சாப்பாட்டு நேரம் உறுப்புகளின் கடிகாரத்தைத் திருப்பும். தலைமைக் கடிகாரத்தைத் திருப்பாது. உணவை மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டு ஒளியைக் கோட்டைவிட்டால், தலைவர் ஒரு திசையிலும் தொண்டர்கள் வேறு திசையிலும் போவார்கள்.

பசிக்கும் ஒரு தாளம் உண்டு. தூக்கமும் உணவும் கலைக்காதபடி ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, பசி உச்சமாக இருப்பது உடலின் இரவு 8 மணி வாக்கில். மிகக் குறைவாக இருப்பது காலை 8 மணி வாக்கில். இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்தும் எழுந்தவுடன் பலருக்குப் பசி எடுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது எட்டு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வீட்டின் இரவு 8 மணி, போன ஊரில் அதிகாலை 4 மணி. பிஸ்கட் பாக்கெட்டை அவர் பிரித்தது 3.50-க்கு. உடலின் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடல் ஓய்ந்திருக்கும் நேரம். அது அங்கே காலை 6 முதல் பகல் 2 வரை. அதாவது உள்ளூர்க் காலை உணவும் மதிய உணவும் இரண்டுமே உடலின் நள்ளிரவில் போய் விழுகின்றன. நான் அவரைத் தட்டு நிறையச் சாப்பிடச் சொன்ன காலை 8.30 மணி, அவர் வயிற்றுக்கு நள்ளிரவு 12.30. அதுவும் விமானத்தில் கொடுத்த உணவைச் சாப்பிட்டு மூன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. உடலின் இரவில் இரைப்பை திட உணவை மெதுவாகத்தான் கீழே அனுப்பும். சர்க்கரையைக் கையாளும் திறனும் அப்போது குறைவு. குமட்டல் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

வெயில் செய்த வேலை

இன்னொரு தவறு வெயிலில். ஒளி எப்போது விழுகிறது என்பதைப் பொறுத்து அது கடிகாரத்தை முன்னே தள்ளும் அல்லது பின்னே தள்ளும். திருப்புமுனை, உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கும் நேரம். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு அது வரும். அதற்கு முந்தைய ஒளி கடிகாரத்தைத் தாமதிக்கும். அதற்குப் பிந்தைய ஒளி முன்னே கொண்டுவரும். காலை 5.30-க்கு எழும் இவருக்கு அந்தத் தாழ்ந்த புள்ளி வீட்டில் ஏறக்குறைய 3 மணி. அங்கே காலை 11 மணி.

கிழக்கே போகிறவருக்குக் கடிகாரம் முன்னே வர வேண்டும். இவர் நடந்ததும் ஓடியதும் எல்லாம் 11 மணிக்கு முன்னால். ஒவ்வொரு நாளும் காலை வெயில் அவருடைய கடிகாரத்தை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தது. "காலை வெயில் ஜெட் லேக் என்னும் நேரமாற்றக் கலக்கத்தைப் போக்கும்" என்ற அறிவுரை இரண்டு, மூன்று மணி நேர வித்தியாசத்துக்குச் சரி. எட்டு மணி நேரத்துக்கு அதைச் சொல்வது, ஊருக்கு வடக்கே இருக்கும் பஸ் நிலையத்துக்குத் தெற்கே வழி காட்டுவதற்குச் சமம். நான் காட்டியது அந்த வழி.

இதை நான் கண்டுபிடித்தது ஒளிமானியால் அல்ல, பசியால். பசியோடு விழித்த நேரங்களைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து வரிசையாக எழுதினேன்: முதல் இரவு 3.50, இரண்டாம் இரவு 4.25, மூன்றாம் இரவு 5.00, பந்தய நாள் 5.30. கடிகாரம் சரியான திசையில் நகர்ந்திருந்தால் இந்த நேரம் இரவுக்கு இரவு முந்த வேண்டும். நான்கிலிருந்து மூன்று, இரண்டு என்று பின்வாங்கி, கடைசியில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இவருக்கு அது பிந்திக்கொண்டே போயிருக்கிறது. பந்தய நாள் காலை 5.30-க்கு வந்த பசி உடம்பு பழகியதால் வந்ததல்ல. அது வீட்டின் எட்டு மணிப் பசி. அவர் அன்று சாப்பிட்டது இரவுச் சாப்பாடு. ஒன்றரை மணி நேரத்தில் ஓடவும் தொடங்கிவிட்டார்.

இந்த அளவுகோலுக்கு எல்லை உண்டு. பகலில் போதாமல் சாப்பிட்டவருக்கு எந்த நேரத்திலும் பசிக்கும். தூக்கம் கலைவதற்கும் நூறு காரணங்கள். ஓர் இரவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்று இரவுகள் ஒரே திசையில் நகர்ந்தால் அதை நம்பலாம்.

கால்கள் ஏன் காலியாயின? உடல் வெப்பநிலையை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பந்தயம் அவருக்கு மோசமான நேரத்தில் நடக்கவில்லை. தாமதித்துப்போன கடிகாரத்தின்படி அது இரவு ஒன்பதரை மணி. தசைகள் சூடாகத்தான் இருந்திருக்கும். பிழை எரிபொருளில். பயிற்சி நாட்களில் அவர் கிலோவுக்கு 5 கிராம், அதாவது 290 கிராம் அளவுக்கு மாவுச்சத்து எடுப்பவர். குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தால் அந்த நான்கு நாட்களில் நாளொன்றுக்கு 180 கிராம் தேறவில்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்கு நள்ளிரவு பிஸ்கட். தூக்கக் குறைவு இதை இன்னும் குழப்புகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைந்து, இனிப்பின் மேல் ஆவல் வரும்; ஆனால் அந்த ஆவல் சாப்பாட்டு நேரத்தில் வராது. தசையில் எரிபொருள் இருப்பாகச் சேர்ந்திருக்க வேண்டிய கிளைக்கோஜன் சேரவில்லை. வழியில் ஜெல்லும் இறங்கவில்லை. பதினான்கு கிலோமீட்டர் வந்ததே பெரிது.

இரண்டாம் பயணம்

அடுத்த ஆண்டு அதே பந்தயம், அதே விமான நேரம். இம்முறை முதலில் ஒளியைத் திட்டமிட்டோம். உணவை அதன் பின்னால் நிறுத்தினோம்.

கிளம்பும் முன் மூன்று நாட்கள் தூக்கத்தை முன்னே இழுத்தார். இரவு 9.45, 9.00, 8.30 என்று படுக்கை, காலை 4.45, 4.00, 3.30 என்று விழிப்பு. எழுந்தவுடன் 10,000 லக்ஸ் அளவு ஒளி தரும் விளக்கின் முன் அரை மணி நேரம். எல்லாச் சாப்பாட்டையும் அதே அளவுக்கு முன்னே நகர்த்தினார். இது எளிதல்ல. வீட்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எட்டரைக்குப் படுப்பதற்கு அவர் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். தூக்கத்தை இரண்டு மணி நேரம் நகர்த்தினாலும் கடிகாரம் அதே அளவு நகர்வதில்லை. ஒன்றரை மணி நேரம் நகர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் அவருடைய தாழ்ந்த புள்ளி அந்த ஊரில் காலை 11-லிருந்து 9.30-க்கு வந்துவிடும். பசியின் உச்சம் அதிகாலை 2.30-க்கு வரும்.

விமானத்தில் முதல் உணவைச் சாப்பிட்டார். போகும் ஊரில் அப்போது இரவு 10 மணி. அவர் வயிற்றுக்குப் பிற்பகல். சாப்பிடாமல் இருக்கக் காரணமே இல்லை. இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வந்த உணவை மட்டும் தொடவில்லை. கடிகாரத்தை மாற்றப் பயணத்தின்போது பதினாறு மணி நேரம் பட்டினி கிடக்கலாமா என்று இந்த இடத்தில் கேட்கிறவர்கள் உண்டு. உணவு கிடைக்கும் நேரத்தைக் கொண்டே எலிகளின் தினசரித் தாளம் மாறுகிறது என்று 2008-இல் வெளியான ஆய்விலிருந்து வந்த யோசனை அது. அதற்கு முன், 1980-களில், ஒருநாள் விருந்து ஒருநாள் அரைப்பட்டினி என்ற முறை ஒன்றும் பிரபலமாக இருந்தது. சுற்றுலா போகிறவர் முயன்று பார்க்கட்டும். நான்கு நாள் கழித்துப் பந்தயம் ஓடப் போகிறவருடைய கிளைக்கோஜனை அப்படிச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. விமான அறையின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே, தொண்டை காயும். தாகத்துக்குக் குடித்தால் போதும். லிட்டர் கணக்கில் குடித்தால் கழிப்பறைக்கு நடக்கும் பயிற்சிதான் மிஞ்சும். அறையின் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்றது. குடலில் உள்ள வாயு விரியும். முதல் பயணத்தின் உப்பலில் ஒரு பங்கு அதனுடையது. அதனால் இம்முறை சோடா, பயறு வகைகள் இரண்டையும் பயண நாளில் விட்டுவிட்டார்.

காலை 7 மணிக்கு இறங்கியவுடன் கறுப்புக் கண்ணாடி. வண்டியை வேறொருவர் ஓட்டினார். இருட்டுக் கண்ணாடியும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காரக் கூடாது. அறையில் திரையை மூடி ஒன்றரை மணி நேரம் தூக்கம். 10 மணிக்கு வெளியே வந்து இரண்டு மணி நேரம் ஒளியில் இருந்தார். மேகமூட்டமான நாளிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அறை விளக்கின் கீழ் சில நூறுதான். ஆகவே வெயில் சுட வேண்டியதில்லை, வெளியே இருந்தால் போதும். தாழ்ந்த புள்ளி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தும் என்று கணக்கிட்டு, கண்ணாடியைக் கழற்றும் நேரத்தையும் அப்படியே முந்தவைத்தோம்: இரண்டாம் நாள் 8.30, மூன்றாம் நாள் 7.30. நான்காம் நாள் முதல் கண்ணாடி தேவைப்படவில்லை.

உணவில் செய்த முக்கிய மாற்றம் இதுதான்: காலை உணவை முதல் இரண்டு நாட்களுக்கு வெறும் அடையாளமாக வைத்தோம். பகல் தொடங்கிவிட்டது என்று கல்லீரலுக்குச் சொல்லும் அளவு இருந்தால் போதும். வயிற்றை நிரப்ப அல்ல. 10 மணிக்கு, ஒளியில் உட்கார்ந்து, 40 கிராம் மாவுச்சத்தும் 15 முதல் 20 கிராம் புரதமும். ஒரு கோப்பைத் தயிர், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் ரொட்டி என்றால் கணக்கு அருகில் வரும். 1.30-க்கு மதிய உணவு. அதில் எண்ணெயும் நார்ச்சத்தும் குறைவு, ஏனென்றால் அது இன்னும் உடலின் காலை, கொழுப்பு இரைப்பையை மேலும் தாமதிக்கும். மென்று விழுங்க மனம் வராத வேளையில் பாலும் பழச்சாறும். குடிப்பதற்குப் பசி அதிகம் வேண்டியதில்லை. 5 மணிக்கு ஒரு சிற்றுண்டி. பெரிய சாப்பாடு இரவு 7.30-க்கு, அன்றைய மாவுச்சத்தில் ஏறக்குறைய பாதி அதில் வந்தது. அவர் உடலுக்கு அப்போது பகல் ஒரு மணி. வயிறு விழித்திருக்கிறது, வேலை செய்யத் தயாராக இருக்கிறது, ஆகவே அங்கே போட்டோம். "இரவில் குறைவாகச் சாப்பிடு" என்ற வழக்கமான பேச்சை இந்த இரண்டு நாட்களுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து இரவுச் சாப்பாட்டின் ஒரு பகுதியைப் படிப்படியாகக் காலைக்கு மாற்றினோம்.

நள்ளிரவுப் பசிக்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம், வராது என்று நடிக்காமல். பசித்து விழித்தால் விளக்கைப் போடாமல் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். பகலில் சரியாகச் சாப்பிட்டிருந்தால், கடிகாரத்தால் வரும் பசி பலருக்கு அலைபோல ஏறித் தானே இறங்கும். இறங்கவில்லை என்றால், படுக்கை அருகில் மாலையே எடுத்து வைத்த 150 முதல் 200 கலோரிப் பொட்டலம்: ஒரு சிறு டப்பா பால், ஒரு கைப்பிடிக்கும் குறைவான கொட்டைகள். அதற்கு மேல் இல்லை. அந்த நேரத்தில் முழுச் சாப்பாடு சாப்பிட்டால், அதுதான் இரவுச் சாப்பாடு என்று குடல் மறுநாளும் காத்திருக்கும்.

காப்பி காலை 10 முதல் பகல் 1 மணிக்குள் மட்டும். காப்பியின் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதோடு, மாலையில் குடிக்கும் காப்பி கடிகாரத்தையே தாமதிக்கும். 2015-இல் வந்த ஓர் ஆய்வில், தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன் எடுத்த இரட்டை எஸ்பிரஸோ அளவு காஃபின் மெலடோனின் தாளத்தை ஏறக்குறைய 40 நிமிடம் தள்ளியது. முதல் பயணத்தின் 5 மணிக் காப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம்.

முதல் ஓட்டம் முதல் நாள் பிற்பகல் 3 மணிக்கு, அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். உடலின் காலையில் செய்யும் உடற்பயிற்சியும் கடிகாரத்தை முன்னே தள்ள உதவும். 3 மணி அவர் உடலுக்குக் காலை எட்டரை. வேகப் பயிற்சி மூன்றாம் நாள் ஒன்று மட்டும், அதுவும் சுருக்கமாக. மெலடோனின் மாத்திரை எடுக்கவில்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு, உள்ளூர்ப் படுக்கை நேரத்தில் எடுக்கும் 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு; ஆனால் தவறான நேரத்தில் எடுத்தால் அதுவும் எதிர்த்திசையில் தள்ளும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகக் கலந்தால் எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாமல் போகும் என்பதற்காகவும் தவிர்த்தேன்.

என்ன ஆயிற்று

பசியோடு விழித்த நேரம் முதல் இரவு 2.40. கணக்குக்குப் பத்து நிமிடம்தான் வித்தியாசம். அதைப் பார்த்து நான் கொஞ்சம் கர்வப்பட்டது உண்மை. பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் மீண்டும் தூங்கிவிட்டார். இரண்டாம் இரவு 1.30, காத்திருந்தார், பசி இறங்கிவிட்டது. மூன்றாம் இரவு 12.15. நான்காம் இரவு விழிக்கவே இல்லை. படுக்கப் போகும்போது கொஞ்சம் பசித்ததாக மட்டும் எழுதியிருக்கிறார். நேரம் ஒவ்வோர் இரவும் முந்தியது. காலை உணவு எவ்வளவு விருப்பமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லியிருந்தேன். முதல் நாள் 2, இரண்டாம் நாள் 3, மூன்றாம் நாள் 5, நான்காம் நாள் 6. தூக்கம் முதல் இரவு ஐந்து மணி நேரம், நான்காம் இரவு ஆறரை.

எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. இரண்டாம் நாள் காலை 7 மணிக்கு ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடிச் சுவர் அறை, சாளரத்துக்கு எதிரே இருக்கை. அங்கே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது, கழற்றிவிட்டார். அன்று மாலை அவருக்குக் கடும் சோர்வு. ஆனாலும் அடுத்த இரவின் பசி நேரம் முந்தியே வந்தது. ஒரு நாள் தவறினால் திட்டம் முழுதும் கவிழ்வதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நாளொன்றுக்கு மாவுச்சத்து முதல் மூன்று நாட்களில் 260 முதல் 290 கிராம். பந்தயத்துக்கு முந்தைய நாள் அதைக் கிலோவுக்கு 7 கிராமாக, 400 கிராம் அளவுக்கு உயர்த்தினோம். அதில் பெரும்பகுதி பகல் 1 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில். காரணம், பந்தயக் காலையில் வயிற்றை நம்ப முடியாது. கணக்கின்படி ஐந்தாம் நாள் தாழ்ந்த புள்ளி காலை 5.30 வாக்கில் வரும்; பந்தயத்துக்கு முன் அவர் சாப்பிடப் போகும் 4.30 மணி இன்னும் உடலின் ஆழ்ந்த இரவு. அதனால் 60 கிராம் மாவுச்சத்து, பெரும்பாலும் குடிக்கும் வடிவில், கொழுப்பே இல்லாமல். முந்தைய ஆண்டின் வெண்ணெயும் பால்கட்டியும் அறைக்குள்ளேயே வரவில்லை. ஓடும்போது மணிக்கு 35 கிராம் அளவில் ஜெல். மூன்று ஜெல்லும் இறங்கின.

2 மணி 3 நிமிடம். வீட்டில் ஓடுவதைவிட ஐந்து நிமிடம் அதிகம். அவருக்கு அதில் குறை. எனக்கு அது எதிர்பார்த்ததுதான். உடலின் அதிகாலை ஐந்து மணிக்கும் முன்னால் ஓடியிருக்கிறார். வெப்பநிலை அப்போதுதான் ஏறத் தொடங்கிய கட்டம். எட்டு மணி நேரத்தை முழுதாகக் கடக்க ஐந்து நாள் போதாது. தொடக்கத்தில் இன்னும் மெதுவாக ஓடியிருக்கலாம் என்று அவரே சொன்னார்.

இது ஒரே ஒருவருடைய இரண்டு பயணங்கள். இரண்டாம் முறை ஊர் பழகியது, பதற்றம் குறைவு, முன்கூட்டியே தூக்கமும் மாற்றியிருந்தார். எத்தனை நிமிடம் உணவால், எத்தனை நிமிடம் ஒளியால் என்று பிரிக்க என்னால் முடியாது.

வேறு திசைகள்

மேற்கே எட்டு மணி நேரம் போனால் கணக்கு தலைகீழ். பசியின் உச்சம் உள்ளூர்ப் பகல் 12 மணிக்கு வரும், இரவு 7.30 உடலுக்கு அதிகாலை 3.30, அப்போது வயிறு மூடியிருக்கும். ஆகவே பெரிய சாப்பாட்டை மதியத்தில் வைத்து, இரவை இலேசாக்க வேண்டும். தாழ்ந்த புள்ளி மாலை 7 மணிக்கு விழுவதால், அதற்கு முந்தைய பகல் ஒளியெல்லாம் சரியான திசையிலேயே தள்ளும். கறுப்புக் கண்ணாடி வேண்டியதில்லை. மனிதனின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது என்பதால் தாமதிப்பது அதற்கு இயல்பு. மேற்குப் பயணம் எளிதாக இருப்பது இதனால்தான்.

கிழக்கே பத்து மணி நேரமும் அதற்கு மேலும் என்றால், முன்னே இழுப்பதைவிட முழுச் சுற்றாகப் பின்னே தள்ளுவது பலருக்கு விரைவில் முடியும். அப்போது பசி நேரம் இரவுக்கு இரவு பிந்துவதுதான் நல்ல செய்தி. எனவே குறிப்பேட்டைத் திறக்கும் முன், எந்தத் திசையில் போகத் திட்டம் என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். இரண்டு, மூன்று நாளில் திரும்பிவிடுகிறவருக்கு இந்த வேலையே வேண்டாம். வீட்டு நேரத்திலேயே சாப்பிட்டுத் தூங்க முடிந்த அளவுக்கு அப்படியே இருந்துவிடலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மேலே சொன்ன உணவு நேரங்கள் எதுவும் பொருந்தாது. அவர்களுடைய அட்டவணை மருத்துவரோடு உட்கார்ந்து, மருந்தளவோடு சேர்த்து எழுத வேண்டியது.

திரும்பி வந்த பிறகு அவர் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில், வீட்டுக்கு வந்த முதல் நாள் பகல், ஒரு வரி: "11.30. அசுரப் பசி. இது எந்த ஊர்ப் பசி?" அடியில் கணக்குப் போட்டிருந்தார், விடை சரியாக இருந்தது.